டிரஸ்டுக்கு நன்கொடை குடுத்தா 80G கழிவு: குடுக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு ரிட்டர்ன் வரைக்கும் படிப்படியா

ஜூலை மாசம் வந்தா கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கத்துலேர்ந்து நிறைய பேரு நன்கொடை ரசீத கத்தையா எடுத்துட்டு ரிட்டர்ன் போட வருவாங்க, அதுல பாதி ரசீதுக்கு ஒரு பைசா கழிவு கிடைக்காது. ரிட்டர்ன்ல தப்பு பண்ணதால இல்ல, காசு குடுத்த அன்னிக்கே அது முடிஞ்சு போச்சு. அதனால வேலை நடக்கற வரிசையிலயே எழுதறேன், முதல் நாலு படி காசு குடுக்கறதுக்கு முன்னாடியும் குடுக்கறப்பவும் பாக்க வேண்டியது, மீதி பிறகு.

கணக்கு எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு. 2026 ஏப்ரல் 1-லேர்ந்து புது வருமான வரிச் சட்டம் வந்துட்டதால அதுக்கப்புறம் குடுக்கற காசுக்கு செக்‌ஷன் நம்பர் வேற, ஆனா 2025-26 வருமானத்துக்கு போடற ரிட்டர்ன் பழைய சட்டத்து 80G-ல தான் போகும்.

## 1. முதல்ல எந்த ரெஜிம்னு முடிவு பண்ணுங்க

80G கழிவு பழைய ரெஜிம்ல மட்டும் தான். புது ரெஜிம்ல எவ்ளோ குடுத்தாலும், யாருக்கு குடுத்தாலும், கணக்குல வராது. நீங்க எதுவும் சொல்லலன்னா தானா புது ரெஜிம்ல தான் நிக்கும், இத தெரியாம ரசீத சேத்து வச்சிருக்கறவங்க ரொம்ப பேரு.

சம்பளம் மட்டும் தான் வருமானம், அதுவும் 12,75,000-க்குள்ள இருக்குன்னா 2025-26-ல புது ரெஜிம்ல வரியே இல்ல. உங்களுக்கு 80G தேவையே படாது, மனசுக்கு பிடிச்ச இடத்துக்கு குடுங்க, மீதி படியெல்லாம் விட்டுடலாம். அதுக்கு மேல சம்பளம் இருந்து, எச்.ஆர்.ஏ., வீட்டு லோன் வட்டி, 80C எல்லாம் சேந்து பழைய ரெஜிம் ஏற்கனவே லாபமா இருக்கறவங்களுக்கு தான் இந்த கழிவு உண்மையில வேலை செய்யும். நன்கொடைக்காக மட்டும் பழைய ரெஜிம்க்கு போறது பெரும்பாலும் கட்டுப்படியாகாது, ஏன்னு 6-வது படியில கணக்கு போட்டா தெரியும்.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு விஷயம். வயல் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால அந்த வருமானம் கழிவு கணக்குக்குள்ளயும் வராது. குறுவை, சம்பா ரெண்டுலயும் நல்லா வந்துது, அதுலேர்ந்து ரெண்டு லட்சம் குடுத்தேன்னு சொல்றவருக்கு வேற வருமானம் பென்ஷன் மட்டும் தான்னா, கழிவும் உச்சவரம்பும் அந்த பென்ஷன வச்சு தான் பாப்பாங்க.

## 2. காசு எந்த வகைக்கு போகுதுன்னு பிரிங்க

முழுசா கழியறது: முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி, பி.எம். கேர்ஸ் மாதிரி அரசு நிதிகள். 10,000 குடுத்தா 10,000-மும் வருமானத்துலேர்ந்து கழியும், உச்சவரம்பும் இல்ல. கஜா புயல் மாதிரி சமயத்துல ஒரு நாள் சம்பளம் பிடிச்சு முதலமைச்சர் நிதிக்கு அனுப்புவாங்களே, அது இந்த வகை தான், ஆபீஸ்ல குடுக்கற சர்ட்டிபிகேட்ட பத்திரமா வச்சுக்கங்க.

பாதி கழியறது: ஊர்ல இருக்கற முதியோர் இல்லம், மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்க ஸ்கூல், இலவச ஆஸ்பத்திரி நடத்தற டிரஸ்ட், இப்படி 80G அப்ரூவல் வாங்கின எல்லாமே கிட்டத்தட்ட இங்க தான் வரும். குடுத்ததுல 50 சதவீதம் தான் கழிவு, அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. டிரஸ்ட் நோட்டீஸ்ல “100% வரி விலக்கு”ன்னு போட்டிருந்தா உடனே நம்பிடாதீங்க, நிறைய டிரஸ்ட்ல 80G இருக்குங்கறத தான் அப்படி அச்சடிச்சு வைக்கறாங்க. கழிவுங்கறது வரியிலேர்ந்து கழியறதும் இல்ல, வருமானத்துலேர்ந்து கழியறது. 30 சதவீத ஸ்லாப்ல இருக்கறவர் இந்த மாதிரி டிரஸ்டுக்கு 100 ரூபா குடுத்தா 50 ரூபா வருமானத்துலேர்ந்து கழியும், அதுக்கு செஸ்ஸும் சேத்து மிச்சமாகற வரி 15 ரூபா 60 காசு. இவ்ளோ தான்.

ஒண்ணுமே கழியாதது: நம்ம ஊர்ல அதிகமா காசு போறது இங்க தான். கும்பாபிஷேகம், திருப்பணி, தேர் வேலை, திருவிழா உபயம். மத காரியத்துக்கு மட்டும்னு நடக்கற அமைப்புக்கு 80G அப்ரூவல் கிடையாது. கோயில், மசூதி, சர்ச், குருத்வாரா புதுப்பிக்கற வேலைக்கு குடுக்கறது கழியணும்னா அந்த இடத்த மத்திய அரசு தனியா நோட்டிபிகேஷன் போட்டு அறிவிச்சிருக்கணும், அப்படி அறிவிச்சதுக்கும் பாதி தான், உச்சவரம்போட தான். அறநிலையத்துறை ரசீது, கோயில் முத்திரை, செயல் அலுவலர் கையெழுத்து எல்லாம் இருந்தாலும் அது காசு வாங்கினதுக்கான அத்தாட்சி, 80G-க்கான அத்தாட்சி இல்ல. கோயில் ரசீதுலயே 80G நம்பர் அச்சடிச்சிருந்தா, அது எந்த திட்டத்துக்குன்னு படிச்சு பாத்துட்டு அடுத்த படியில சொல்றபடி சரிபாருங்க.

ஸ்கூல் சீட்டுக்கு குடுக்கற “டொனேஷன்” இங்க வராது, பதிலுக்கு ஒண்ணு வாங்கிட்டு குடுக்கறது நன்கொடை ஆகாது.

## 3. டிரஸ்டோட பேப்பர காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க

கேக்க வேண்டியது ஃபார்ம் 10AC, இல்லன்னா 10AD. அது தான் வருமான வரித்துறை டிரஸ்டுக்கு குடுக்கற ஆர்டர். கேக்க சங்கடமா இருக்குன்னு விட்டுடாதீங்க, ஒழுங்கா நடத்தறவங்க வாட்ஸாப்ல அடுத்த நிமிஷம் அனுப்பிடுவாங்க.

அதுல மூணு இடத்த பாருங்க. முதல்ல, எந்த செக்‌ஷன்ல குடுத்த ஆர்டர்னு. டிரஸ்டுக்கு ரெண்டு ஆர்டர் இருக்கும், ஒண்ணு 12AB, இன்னொண்ணு 80G. 12AB அந்த டிரஸ்ட் தன் வருமானத்துக்கு வரி கட்டாம இருக்கறதுக்கு, உங்களுக்கு அதுனால ஒரு பிரயோஜனமும் இல்ல. நிறைய பேரு 12AB ஆர்டர காட்டி “வரி விலக்கு இருக்கு சார்”னு சொல்லுவாங்க, ஏமாத்தணும்னு இல்ல, அவங்களுக்கே வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு வேண்டியது section 80G-ன்னு எழுதின ஆர்டர்.

ரெண்டாவது, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்னு. இப்பெல்லாம் அப்ரூவல் காலவரையறையோட தான் வருது, புது டிரஸ்டுக்கு தற்காலிகமா மூணு வருஷம், மத்தவங்களுக்கு அஞ்சு வருஷம்னு. முன்னாடி ஒரு தடவ வாங்கினா அப்படியே ஓடிட்டு இருந்த காலம் உண்டு, அந்த பழைய நம்பரையே ரசீது புக்குல அச்சடிச்சு வச்சுக்கிட்டு, புதுப்பிக்காம விட்ட டிரஸ்ட் எல்லாம் இருக்கு. ஆர்டர்ல போட்டிருக்கறது அசெஸ்மென்ட் இயர், அதையும் கவனிங்க, 2025-26-ல குடுத்த காசுக்கு அசெஸ்மென்ட் இயர் 2026-27.

மூணாவது, டிரஸ்டோட பானும் பேரும். பேங்க் அக்கவுண்ட் பேரும் அதே பேரா இருக்கணும். வருமான வரித்துறை சைட்ல Exempted Institutions-னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல பேர போட்டு தேடிப் பாத்துக்கலாம்.

## 4. குடுக்கற விதம்

ரொக்கமா 2,000 ரூபா வரைக்கும் தான். இதுல எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறது என்னன்னா, 5,000 ரொக்கமா குடுத்தா முதல் 2,000-த்துக்காவது கிடைக்கும்னு நெனைக்கறாங்க. கிடைக்காது, 5,000-மும் போச்சு. செக், பேங்க் டிரான்ஸ்பர், ஜிபே, எதுல வேணா குடுங்க, ரொக்கம் வேண்டாம்.

பொருளா குடுத்தா கழிவு இல்ல. அறுப்பு முடிஞ்சதும் முதியோர் இல்லத்துக்கு பத்து மூட்டை அரிசி இறக்கறது நம்ம பக்கம் வழக்கம், அது பெரிய உதவி, ஆனா 80G-ல அதுக்கு மதிப்பு பூஜ்யம். கழிவு வேணும்னா அரிசிக்கான காச டிரஸ்ட் அக்கவுண்டுக்கு அனுப்புங்க, அவங்க அரிசி வாங்கிக்கட்டும். நீங்களே கடையில அரிசி வாங்கி, கடை பில்ல வச்சு கழிவு கேக்க முடியாது.

யார் ரிட்டர்ன்ல காட்டப் போறாங்களோ அவங்க அக்கவுண்ட்லேர்ந்தே போகணும். அவசரத்துக்கு மனைவி ஜிபேலேர்ந்து அனுப்பிட்டு கணவர் பேர்ல ரசீது வாங்கினா, பின்னாடி கேள்வி வந்தா பேங்க் ஸ்டேட்மென்ட காட்ட முடியாது.

திதி அன்னிக்கு நடக்கறது ஒண்ணு சொல்றேன். அப்பா நினைவு நாள்னு முதியோர் இல்லத்துல ஒரு வேளை சாப்பாட்டுக்கு மகன் காசு கட்டறாரு, ரசீது எழுதறவரு “யார் பேர்லங்க?”ன்னு கேக்கறாரு, இவரும் அப்பா பேர சொல்றாரு, ரசீதுல நன்கொடையாளர்னு இருக்கற இடத்துல காலஞ்சென்ற அப்பா பேரு போயிடுது. அந்த ரசீது மகனுக்கு உதவாது. நன்கொடையாளர் இடத்துல காசு கட்டறவர் பேரு, பான் நம்பர். அப்பா பேர “நினைவாக”ன்னு கீழ குறிப்புல எழுதச் சொல்லுங்க.

பான் நம்பர அன்னிக்கே குடுத்துடுங்க. ஜூலைல போய் குடுத்தா அதுக்குள்ள டிரஸ்ட் கணக்க அனுப்பி முடிச்சிருப்பாங்க.

## 5. ரசீது வேற, 10BE வேற

காசு குடுத்ததும் கிடைக்கற ரசீத வச்சு மட்டும் இப்ப கழிவு வாங்க முடியாது. 2021-22-லேர்ந்து டிரஸ்ட் ஒவ்வொன்னும் யார் யார் எவ்ளோ குடுத்தாங்கங்கற பட்டியல ஃபார்ம் 10BD-ல வருமான வரித்துறைக்கு அனுப்பணும், நிதியாண்டு முடிஞ்சதும் வர்ற மே 31 கடைசி தேதி. அத அனுப்பினா தான் உங்க பேருக்கு ஃபார்ம் 10BE-ங்கற சர்ட்டிபிகேட் போர்ட்டல்லேர்ந்து இறங்கும். அதையும் மே 31-க்குள்ள உங்களுக்கு குடுக்கணும். டிரஸ்ட் லேட் பண்ணா ஒரு நாளைக்கு 200 ரூபா அவங்களுக்கு கட்டணம், அதனால நீங்க கேக்கறதுல தப்பே இல்ல, அது அவங்க கடமை.

ஏப்ரல் கடைசியிலயே ஒரு போன் போட்டு “10BD-ல எங்க பேரு போட்டாச்சுங்களா?”ன்னு கேட்டுடுங்க. சின்ன டிரஸ்ட்ல ஆடிட்டர் தான் இத செய்வாரு, ரசீது புக்கு அவர்கிட்ட போய் சேந்திருக்கான்னே தெரியாம இருப்பாங்க.

10BE கையில வந்ததும் உங்க பேரு, பான், தொகை, நிதியாண்டு நாலையும் பாருங்க. பான்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் டிரஸ்ட் 10BD-ய திருத்தி அனுப்பி புது 10BE எடுக்கலாம், ஜூன்லயே சொன்னீங்கன்னா நேரம் இருக்கும். அதுல இருக்கற ARN நம்பர் தான் ரிட்டர்ன்ல கேப்பாங்க.

## 6. உச்சவரம்பு கணக்கு

ஊர் கும்பகோணம் பக்கம், வேலை சென்னையில, ஊர்ல அப்பா அம்மா இருக்கற வீட்டுக்கு லோன், சென்னையில வாடகை. இப்படி ஒருத்தர எடுத்துக்குவோம். சம்பளம் 20,00,000. எச்.ஆர்.ஏ. விலக்கு 3,00,000, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000, வீட்டு லோன் வட்டி 2,00,000 போக மொத்த வருமானம் 14,50,000.

உச்சவரம்புங்கறது இந்த 14,50,000-ல 10 சதவீதம் இல்ல. எல்லாரும் வழுக்கறது இங்க தான். மத்த கழிவெல்லாம் கழிச்சதுக்கு அப்புறம் நிக்கற தொகையில தான் 10 சதவீதம். இவருக்கு 80C 1,50,000, என்.பி.எஸ். 50,000, தனக்கும் அப்பா அம்மாக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 75,000, ஆக 2,75,000. போக 11,75,000. அதுல 10 சதவீதம் 1,17,500.

இந்த வருஷம் இவர் குடுத்தது:

- முதலமைச்சர் நிவாரண நிதிக்கு ஆன்லைன்ல 20,000. கழிவு 20,000.
- ஊர்ல ஸ்பெஷல் ஸ்கூல் நடத்தற டிரஸ்டுக்கு பேங்க் மூலமா 1,50,000. உச்சவரம்பு 1,17,500, அதுல பாதி 58,750.
- இன்னொரு டிரஸ்டுக்கு ரொக்கமா 5,000. பூஜ்யம்.
- அன்னதானத்துக்கு 12,000 ரூபா அரிசி. பூஜ்யம்.
- ஊர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 50,000 ஜிபேல. பூஜ்யம்.

ஆக குடுத்தது 2,37,000, கழிவு 78,750. டிரஸ்ட் காசுல வரிசைய கவனிங்க, முதல்ல உச்சவரம்புக்கு வெட்டணும், பிறகு தான் பாதி ஆக்கணும். 1,50,000-ல பாதி 75,000, அது 1,17,500-க்குள்ள தானே இருக்குன்னு போட்டுக்கறது தப்பு.

80G இல்லாம இவருக்கு வரி 1,71,600. 80G போட்டா 1,47,030. மிச்சம் 24,570. புது ரெஜிம்ல 1,92,400 வந்திருக்கும், அதனால இவருக்கு பழைய ரெஜிம் சரி. ஆனா எச்.ஆர்.ஏ. இல்லாத ஒருத்தரா இருந்தா கணக்கு தலைகீழா மாறிடும். டிரஸ்டுக்கு எவ்ளோ குடுத்தாலும் கழிவு, மத்த கழிவு போக அவருக்கு நிக்கற 14,75,000-ல அஞ்சு சதவீதத்த தாண்டாது, அந்த சின்ன தொகையால ரெஜிம் வித்தியாசத்த ஈடுகட்ட முடியாது.

உச்சவரம்பு தாண்டின 32,500 அடுத்த வருஷத்துக்கு போகாது, அப்படியே போச்சு. இவர் 1,17,500-அ மார்ச் 31-க்குள்ளயும் மீதி 32,500-அ ஏப்ரல்லயும் குடுத்திருந்தா, அடுத்த வருஷமும் இதே நிலைமைன்னா இன்னும் 16,250 கழிஞ்சிருக்கும், 5,070 ரூபா வரி மிச்சம். டிரஸ்டுக்கு போய் சேர்ற காசுல ஒரு ரூபா குறையல. அதனால பெருசா குடுக்கறவங்க பிப்ரவரியிலயே இந்த உச்சவரம்ப ஒரு தடவ போட்டு பாத்துடுங்க.

மனை வித்து வந்த காசுல பெருசா குடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, நீண்டகால மூலதன ஆதாயத்தையும் கழிச்சுட்டு தான் அந்த 10 சதவீதம் பாப்பாங்க. மனை வித்ததால உச்சவரம்பு ஏறிடும்னு நெனச்சு குடுக்காதீங்க.

## 7. ரிட்டர்ன்ல போடறது

சம்பளக்காரங்க ஆபீஸ்ல ரசீது குடுத்தா பெரும்பாலும் டிரஸ்ட் நன்கொடைய ஃபார்ம் 16-ல சேக்க மாட்டாங்க. பயப்பட வேண்டாம், நேரா ரிட்டர்ன்ல போட்டு ரீஃபண்டா வாங்கிக்கலாம்.

Schedule 80G-ல நாலு டேபிள் இருக்கும். முதலமைச்சர் நிதி மாதிரி போறது `100% deduction without qualifying limit`, டிரஸ்டுக்கு போறது `50% deduction subject to qualifying limit`. டிரஸ்ட முதல் டேபிள்ல போட்டா முழு தொகையும் கழிஞ்சு பாக்க சந்தோஷமா இருக்கும், ஆனா டிரஸ்டோட 10BD கணக்கோட ஒத்துப் பாக்கறப்ப நோட்டீஸ் வரும். டிரஸ்ட் டேபிள்ல பேரு, முகவரி, பான், ARN, ரொக்கம் எவ்ளோ, மத்த வழியில எவ்ளோன்னு கேக்கும். குடுத்த முழு தொகையையும் போடுங்க, 1,50,000-னா 1,50,000. உச்சவரம்பையும் பாதியையும் சாஃப்ட்வேரே போட்டுக்கும், நீங்களே பாதியாக்கி 75,000-னு போட்டா அது இன்னொரு தடவ பாதியாக்கிடும்.

## 8. 10BE வரலன்னா

டிரஸ்டுக்கு எழுத்துல, மெயில்லயோ வாட்ஸாப்லயோ, ரசீது காப்பியோட கேளுங்க. ஜூலை 31 நெருங்கிடுச்சுன்னா அதுக்காக காத்திருந்து ரிட்டர்ன லேட் பண்ணாதீங்க. சம்பளக்காரங்க கடைசி தேதிய தாண்டிட்டா பழைய ரெஜிம எடுக்கவே முடியாது, அப்ப 80G மட்டும் இல்ல, எச்.ஆர்.ஏ., 80C எல்லாமே போயிடும். பழைய ரெஜிம்லயே, அந்த ஒரு நன்கொடைய விட்டுட்டு, நேரத்துக்கு போட்டுடுங்க. 10BE வந்தப்புறம் திருத்தின ரிட்டர்ன்ல சேத்துக்கலாம்.

வேற யாருக்கோ வந்த ARN-அ போடறது, கமிஷன் வாங்கிட்டு ரசீது மட்டும் குடுக்கற ஆளுகிட்ட போறது, இது ரெண்டும் வேண்டவே வேண்டாம். 1 லட்சம் குடுத்த மாதிரி காட்டி 95,000-அ திருப்பி வாங்கற ஏற்பாடு எல்லாம் துறை இப்ப கம்ப்யூட்டர்ல ஒத்துப் பாத்தே பிடிக்குது, பொய் கணக்குன்னு முடிவானா குறைச்சு கட்டின வரியில 200 சதவீதம் வரைக்கும் அபராதம், வட்டி தனி.

10BE, பேங்க் ஸ்டேட்மென்ட்ல அந்த நன்கொடை பதிவாகியிருக்கற பக்கம், டிரஸ்டோட 80G ஆர்டர், இந்த மூணையும் ஒரே ஃபைல்ல வருஷ வாரியா வச்சிருங்க. ரிட்டர்னோட எதையும் இணைக்க வேண்டியதில்ல, ஆனா நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல குறைஞ்ச நாள் தான் குடுப்பாங்க, அப்ப போய் டிரஸ்ட் செயலாளர தேடிட்டு இருக்க முடியாது.